இருபது வருடக் கணக்கை உட்கார்ந்து எழுதிப் பார்த்தால்

"எனக்கு 44 வயது. வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, பெரிய கஷ்டம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் இருபது வருடம் எங்கே போனது என்றே தெரியவில்லை, காட்டுவதற்குக் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. இது இந்த வயதில் எல்லோருக்கும் வருவதா, இல்லை நான் உண்மையிலேயே வீணாக்கிவிட்டேனா?"

இப்போது உங்களுக்குள் இருக்கும் உணர்வை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. பதினெட்டு வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன், நாற்பதுகளில் வருகிறவர்களோடுதான் அதிகம் பேசியிருக்கிறேன். "காட்டுவதற்கு ஒன்றுமில்லை" என்பதைப் பதவி உயர்வே கிடைக்காதவரும் சொல்லியிருக்கிறார், ஒரு நிறுவனத்தையே தொடங்கி நடத்துகிறவரும் சொல்லியிருக்கிறார், ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை இந்த உணர்வு அளப்பதில்லை. அப்படியானால் எதை அளக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் வருவதா என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவயது நெருக்கடி என்ற பெயரைப் பரப்பியவர் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர், 1965இல் எழுதிய ஒரு கட்டுரையில். பெயர் பிரபலமான அளவுக்கு நெருக்கடி எல்லோருக்கும் வருவதில்லை. அமெரிக்காவில் கேட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் தனக்கு வந்ததாகச் சொன்னார், அவர்களிலும் பலருக்கு அது மணமுறிவோ வேலையிழப்போ நோயோ கொண்டுவந்தது, வயது கொண்டுவந்ததில்லை. ஆனால் சத்தமில்லாத ஒரு சரிவு பல நாடுகளில் தெரிகிறது. பிளாஞ்ச்ஃபிளவர், ஆஸ்வால்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் திருப்தி இளமையிலிருந்து மெல்லக் குறைந்து நாற்பதுகளின் நடுவில் அடித்தட்டுக்குப் போய், அப்புறம் திரும்ப ஏறுவதைக் காட்டினார்கள். சராசரியில் தெரியும் வளைவு இது, பள்ளமும் பெரிதில்லை, இதை ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அதனால் "எல்லாருக்கும் வரும், தானாகப் போய்விடும்" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது ஹானஸ் ஷ்வாண்ட் என்பவர் ஜெர்மனியின் தரவுகளை வைத்துக் கண்டது. அங்கே 1991 முதல் 2004 வரை ஒரே ஆட்களிடம் வருடாவருடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: இப்போது எவ்வளவு திருப்தி, ஐந்து வருடம் கழித்து எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இளையவர்கள் தங்கள் எதிர்காலத்தை அளவுக்கு மீறி உயர்த்திச் சொன்னார்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் எதிர்பார்த்த இடத்தில் அவர்கள் இல்லை. வயதானவர்களோ குறைத்துச் சொல்லிவிட்டு, நினைத்ததைவிட நன்றாக இருந்தார்கள். நாற்பதுகளில் இருக்கிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். இருபது வருடமாகச் சேர்ந்த ஏமாற்றமும் தோளில் இருக்கிறது, இனிமேல் வரப்போவதைப் பற்றிய நம்பிக்கையும் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருக்கிறது. ஆக, நீங்கள் இப்போது பார்ப்பது உங்கள் வாழ்க்கைக்கும் 24 வயதில் நீங்களே போட்ட ஒரு மதிப்பீட்டுக்கும் உள்ள இடைவெளி. அந்த மதிப்பீடு ஆரம்பத்திலேயே தூக்கலாகப் போடப்பட்டது.

சரி, மதிப்பீடு தூக்கல் என்று தெரிந்துகொண்டால் மனம் ஆறிவிடுமா என்றால், ஆறாது. அதனால் நான் ஒரு காகித வேலை கொடுப்பேன். ஒருவர் அதைச் செய்த விதத்தைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வயது 46, ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். வந்து உட்கார்ந்ததும், "சார், நான் ஒரு இடத்திலேயே நின்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்" என்றார். வெள்ளைத்தாளில் 24 வயது முதல் 45 வயது வரை வயதுக்கு ஒரு வரியாக 22 வரி போடச் சொன்னேன். ஒவ்வொரு வரியிலும் அந்த வருடத்தில் நடந்தது எதுவோ அதை எழுத வேண்டும், சாதனையாக இருக்க வேண்டியதில்லை. யாரையும் கேட்கக்கூடாது, எதையும் எடுத்துப் பார்க்கக்கூடாது. முக்கால் மணி நேரம்.

ஒன்பது வரிதான் நிரம்பியது. அதில் ஆறு 32 வயதுக்கு முந்தியவை. 32 முதல் 45 வரை பதினான்கு வரியில் மூன்றில் மட்டும் எழுத்து இருந்தது, மற்ற பதினொன்றும் வெள்ளை. அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "பார்த்தீர்களா" என்றார், வழக்கில் சாட்சியம் காட்டுகிற மாதிரி.

அந்த வெள்ளையை அவர் வீணான வருடங்கள் என்று படித்தார். அது ஞாபகத்தின் வேலை. மனிதர்களிடம் வாழ்க்கை முழுவதையும் நினைவுகூரச் சொன்னால், ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை உள்ள நினைவுகள் மற்ற வயதுகளைவிடக் கூடுதலாக வருகின்றன. நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் இதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள். முதல் வேலை, முதல் காதல், முதல் வீடு என்று எல்லாமே முதல்முறையாக நடப்பதால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிகிறது. அப்புறம் வருகிற வருடங்களில் ஒரு நாள் மாதிரியே மறுநாள். மனம் இருநூறு அலுவலக நாட்களை இருநூறு நினைவாக வைத்துக்கொள்வதில்லை, ஒன்றாக மடித்து வைத்துவிடுகிறது. திரும்பிப் பார்க்கும்போது மடிப்புதான் தெரிகிறது, அதனால் காலம் பறந்துவிட்டது போலவும் இருக்கிறது, ஒன்றுமே நடக்காதது போலவும் இருக்கிறது. நீங்கள் "எங்கே போனது என்றே தெரியவில்லை" என்று எழுதியிருப்பது இதைத்தான்.

இரண்டாவது அமர்வில் ஞாபகத்தை நம்பக்கூடாது. பழைய கைபேசிப் படங்கள், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவமனைக் கோப்பு, பிள்ளையின் பள்ளி நோட்டு, எது கிடைக்கிறதோ அதை வைத்துக்கொண்டு வெள்ளை வரிகளை நிரப்ப வேண்டும். அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது 36, 37, 38 வயதுக்கு நேரே மூன்று வரியையும் சேர்த்து ஒரு அடைப்புக்குறி போட்டு "அப்பா" என்று ஒரே சொல் எழுதியிருந்தார்.

என்ன என்று கேட்டேன். "அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, டயாலிசிஸ். ரெண்டரை வருஷம். அது என்ன, எல்லாரும் பண்றதுதானே" என்றார். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், போய்வர இரண்டு மணி நேரம். மூன்றில் ஒன்றைத் தம்பி பார்த்துக்கொண்டார், இரண்டு இவருடையது. தாளின் ஓரத்திலேயே பெருக்கிப் பார்த்தோம். வாரத்துக்கு இரண்டு, வருடத்துக்கு 104, இரண்டரை வருடத்துக்கு 260 முறை. முறைக்கு ஆறு மணி நேரம் என்றால் 1,560 மணி நேரம். ஒரு முழுநேர வேலையில் மாதத்துக்கு 160 மணி நேரம் என்று வைத்தால் ஏறக்குறைய பத்து மாத வேலை. தன் வேலையை விடாமல், அதன்மேல் இன்னொரு பத்து மாத வேலையைச் செய்திருக்கிறார், அது அவருடைய முதல் தாளில் இல்லவே இல்லை. ஏன் இல்லை என்றால், அந்த உழைப்பின் முடிவில் கையில் காட்ட எதுவும் மிஞ்சவில்லை. அப்பா இறந்துவிட்டார். தாங்கிப் பிடிக்கிற வேலைகள் எல்லாமே இப்படித்தான்: ஒன்று கெடாமல் பார்த்துக்கொண்டால், நடக்காமல் போன கெடுதலை யாரும் பார்க்க முடியாது, செய்தவரும்கூடப் பார்ப்பதில்லை. நாற்பதுகளில் இருப்பவர்களின் நேரத்தில் பெரும்பகுதி இதில்தான் போகிறது, மேலே பெற்றோர், கீழே பிள்ளைகள், நடுவில் இவர்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அது ஆறுதல் சொல்லும் வேலையாகப் போயிருக்கும். அவருடைய வலி வேறு இடத்தில் இருந்தது, அதைத் தொடாமல் விட்டால் ஒரு மாதத்தில் மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடுவார். அதனால் மூன்றாவது அமர்வில் ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒரு கேள்வி: இந்த வருடத்தில் எதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டேனா? ஆமாம் என்றால் வரியின் முன்னால் "த" என்று ஓர் எழுத்து. அவர் ஒன்பது "த" போட்டார். ஒன்பதும் ஒரே விஷயம். 29 வயதில் மாலைநேரச் சட்டப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு நிறுத்தியிருக்கிறார், வேலையில் ஊர் மாற்றம். 33 வயதிலிருந்து "அடுத்த வருடம் மறுபடி சேர்ந்துவிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

வருத்தத்தைப் பற்றி கிலோவிச், மெட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990களில் செய்த ஆய்வுகள் இந்த இடத்தில் உதவும். நேற்று செய்த தவறு இன்று அதிகம் குத்துகிறது, ஆனால் வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கச் சொன்னால் மக்கள் செய்யாமல் விட்டதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். காரணங்களில் ஒன்று, செய்யாமல் விட்டதற்கு முடிவே இல்லை. அது எப்படிப் போயிருக்கும் என்று மனம் வருடாவருடம் அழகாகக் கட்டிக்கொண்டே போகலாம். இன்னொன்று, அன்று தடுத்தது எதுவோ அது மறந்துபோகிறது, தடுக்கப்பட்டது மட்டும் நினைவில் நிற்கிறது. 46 வயதில் இருந்து பார்க்கிறவருக்கு 37 வயதில் தான் ஏன் சேரவில்லை என்றே புரிவதில்லை, சோம்பேறியாக இருந்தோம் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

ஆகவே "த" போட்ட ஒவ்வொரு வரிக்கும் எதிரில், அந்த வருடம் தடுத்தது என்ன என்று எழுத வேண்டும். அவருடைய ஒன்பதில், 33, 34 வயது வரிகளில் பிள்ளை பிறந்து இரவெல்லாம் தூக்கமில்லாத காலம். 36 முதல் 38 வரை டயாலிசிஸ். 40இல் வேலை செய்த நிறுவனம் மூடப்பட்டு, எட்டு மாதம் வேறு வேலை தேடியிருக்கிறார். இவை ஆறு. மீதி மூன்று வரிகள், 41, 42, 44. அதற்கு எதிரில் எழுதாமல் வெகுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் "பயம்" என்று எழுதினார். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தேர்வில் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு வருஷம்தானா? மூணு வருஷம்னா என்னால தாங்கிக்க முடியும்" என்றார்.

இதற்காகத்தான் அந்தக் கணக்கு. இருபது வருடத்தையும் வீணாக்கிவிட்டேன் என்று நினைக்கிறவரால் ஒன்றும் செய்ய முடியாது, அந்தச் சுமை எந்தப் பக்கமும் நகராது. மூன்று வருடம், பயத்தினால், என்று பெயரும் அளவும் தெரிந்தால் அதை ஏற்றுக்கொள்ளவும் முடியும், அதற்காக வருத்தப்படவும் முடியும். வருத்தப்பட வேண்டியதுதான், அதை நான் யாரிடமும் குறைத்துச் சொல்வதில்லை.

அடுத்து, அந்த ஆசை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "வழக்கறிஞர் ஆக வேண்டுமா" என்று கேட்டால் 24 வயதுக்காரர் பதில் சொல்லிவிடுவார், அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. அந்த வேலையின் சாதாரணமான ஒரு நாள் எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். தெரிந்த ஒரு வழக்கறிஞரோடு இரண்டு நாள் முழுக்க இருந்துவிட்டு வந்தார். நீதிமன்றத்தில் காத்திருப்பது, வாய்தா, வாக்குவாதம் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிடித்தது, படித்தால் புரியாத ஒரு ஒப்பந்தத்தை ஒருவருக்கு வரிவரியாக விளக்கிச் சொன்ன அந்த ஒரு மணி நேரம். அதற்குப் பட்டம் தேவைப்படாத இடங்கள் இருந்தன. ஓர் இலவசச் சட்ட உதவி மையத்தில் சனிக்கிழமை காலைகளில், வருகிறவர்களின் காகிதங்களைப் படித்து, வரிசைப்படுத்தி, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லித்தரும் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது, சில இரவுகளில் பழைய குத்தல் இன்னும் வருகிறது என்றுதான் சொன்னார். முழுக்கப் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அவருக்குச் சனிக்கிழமை ஏன் உதவியது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நடுவயதைப் பற்றி எழுதிய தத்துவப் பேராசிரியர் கீரன் செட்டியா, செயல்களை இரண்டு வகையாகப் பார்க்கிறார். ஒன்று, முடிவை நோக்கிப் போவது: பட்டம் வாங்குவது, வீடு கட்டுவது. முடித்த அன்றே அது உங்கள் வாழ்க்கையிலிருந்து போய்விடுகிறது. இன்னொன்று முடிவே இல்லாதது: ஒருவருக்கு விளக்கிச் சொல்வது, பிள்ளையோடு நடப்பது, வாசிப்பது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் முதல் வகையை மட்டுமே வைத்து வாழ்ந்தவர்களுக்கு, இலக்கை அடைந்தாலும் கை வெறுமையாகவே இருக்கிறது, அடையாவிட்டாலும் வெறுமைதான். நிறுவனம் நடத்துகிறவர் ஏன் உங்களைப் போலவே பேசினார் என்பது இதில் கொஞ்சம் புரியும் என்று நினைக்கிறேன்.

இனி, இந்தக் கணக்கு எங்கே தவறாகப் போகும் என்பது. இரவு பதினொரு மணிக்கு மேல் உட்காராதீர்கள், அந்த நேரத்தில் எல்லா வரியிலும் "த" விழும். வாழ்க்கைத்துணையிடம் காட்டுவதாக இருந்தால் மூன்று அமர்வும் முடிந்த பிறகு காட்டுங்கள். பாதியில் காட்டினால் "உங்களால்தான் நான் படிக்கவில்லை" என்ற குற்றப்பத்திரிகையாக அவர் காதில் விழும், நான் இதைப் பார்த்திருக்கிறேன், அந்தக் காயம் ஆற வெகுநாள் ஆனது. அப்புறம், எழுதத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ராஜினாமா, பிரிவு, பெரிய கடன் போன்ற திருப்பிப் போட முடியாத எந்த முடிவும் வேண்டாம்.

இன்னொரு அறிகுறியை நீங்கள் கவனிக்க வேண்டும், இது முக்கியம். படங்களையும் கோப்புகளையும் எதிரில் வைத்த பிறகும் ஒவ்வொரு வரியையும் "இதில் என்ன இருக்கிறது", "நான் செய்ததால்தான் கெட்டது" என்று தள்ளிக்கொண்டே போனால், அங்கேயே எழுதுவதை நிறுத்துங்கள். அவர் டயாலிசிஸ் வரியை முதலில் தள்ளினார், ஆனால் பெருக்கிப் பார்த்த பிறகு கண் கலங்கினார், அது அவரைப் போய்ச் சேர்ந்தது. மனச்சோர்வு நோயில் அப்படிப் போய்ச் சேருவதில்லை, எதுவுமே உள்ளே இறங்காது. நடுவயதுச் சந்தேகம் ஏதாவது ஒன்றைச் சுற்றித்தான் வரும், பிடித்த வேலையில் மூழ்கினால் கொஞ்ச நேரம் விலகும். மனச்சோர்வு எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி படியும். இரண்டு வாரமாக ஏறக்குறைய தினமும் எதிலும் விருப்பமில்லை, தூக்கமோ பசியோ மாறிவிட்டது, உடம்பே கனக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். PHQ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது, மொத்தம் 27 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ வந்தால் கட்டாயம் பாருங்கள். வாழாமல் இருப்பதே மேல் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் மதிப்பெண்ணுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள்.

உடம்பையும் விட்டுவிடாதீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வும் மந்தமும் மனத்தளர்வும் வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பெண்களுக்கு நாற்பதுகளில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் தூக்கமும் மனநிலையும் புரண்டுபோவது சாதாரணம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. குறட்டை விட்டுத் தூங்கியும் காலையில் களைப்பாகவே எழுகிறவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பின் களைப்பை வாழ்க்கையின் தோல்வி என்று படித்துக்கொண்டு பல மாதம் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவை எதுவும் இல்லை என்றால், பகல் வெளிச்சத்தில், முக்கால் மணி நேரம் யாரும் கூப்பிடாத ஓர் இடத்தில் தாளை எடுத்து உட்காருங்கள். 24 முதல் 43 வரை போட்டால் உங்களுக்கு இருபது வரி வரும். முதல் தடவையில் அநேகமாகப் பாதிகூட நிரம்பாது, நிரம்பாத வரிகள் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள், பழைய படங்களை எடுத்துக்கொண்டு அந்த வாரத்துக்குள்ளேயே இரண்டாவது தடவை உட்காருங்கள்.